தவறிப் போன கோப்பு

கீழ்க்காணும் சிறுகதையை வாசித்திடுக.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆம் நாள், திங்கட்கிழமை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத்தில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில், மூன்றாம் படிவ மாணவி தேவி தன் கட்டுரையின் கடைசி வரியை எழுதி முடித்தாள். ‘விடியற்காலையில் என் தோட்டம்’ என்பது தலைப்பு. மூன்று பக்கங்கள். இரவு ஒன்பது மணிக்குள் இணைய வகுப்பறையில் அதைப் பதிவேற்ற வேண்டும்.

வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது அம்மாவுடையது. பகலில் தம்பியின் வகுப்புக்கும் மாலையில் தேவியின் பாடத்துக்கும் அதுதான். தேவி கட்டுரைத் தாள்களைத் தரையில் வரிசையாக வைத்து, கைப்பேசியில் உள்ள வருடல் செயலியால் ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். செயலி மூன்று பக்கங்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்தது. அதற்குப் பெயரையும் அதுவே வைத்துக்கொண்டது.

`Scan_20210712_2041.pdf`

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் கையில் நீல அட்டை போட்ட சிறிய குறிப்புப் புத்தகம் இருந்தது.

“தேவி, இதையும் அதே மாதிரி எடுத்துத் தாம்மா. போன வாரத்துக் கணக்கு. மூணு பக்கம். மணியம் மாமாவுக்கு அனுப்பணும். நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் ஆபீசுக்குப் போய்க் கிராணியைப் பார்க்கிறதாச் சொல்லியிருக்கார்.”

மணியம் மாமா தோட்டத்தின் தொழிற்சங்கப் பொறுப்பாளர். அடுத்த டிவிஷனில் குடியிருந்தார்.

“என்னம்மா கணக்கு?”

“புதன்கிழமை பால் நிறுக்கும்போது 34 கிலோ. நான் அங்கேயே நின்னு எழுதிக்கிட்டேன். ஆபீஸ் கணக்கில 24ன்னு இருக்கு. பத்து கிலோ எங்க போச்சு?”

தேவிக்கு அந்தக் கணக்கு தெரியும். மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அந்த எடைக்குத்தான் கூலி போடுவார்கள். அன்றைய பாலில் முப்பது விழுக்காடு ரப்பர் என்றால், 34 கிலோ பாலுக்கு 10.2 கிலோ ரப்பர் கிடைக்கும். 24 கிலோ பாலுக்கு 7.2 கிலோதான். இடையில் மூன்று கிலோ ரப்பருக்கான கூலி காணாமல் போயிருந்தது. மழை பெய்தால் வெட்டே இல்லாத அந்த மாதத்தில், மூன்று கிலோ அம்மாவுக்குச் சிறிதன்று.

தேவி குறிப்புப் புத்தகத்தின் மூன்று பக்கங்களையும் படமெடுத்தாள். செயலி இன்னொரு கோப்பை உருவாக்கியது.

`Scan_20210712_2047.pdf`

கட்டுரை 8.41க்கு. கணக்கு 8.47க்கு. இரண்டுக்கும் இடையே ஆறு நிமிடங்கள்தான் வேறுபாடு.

வீட்டுக்குள் குறுஞ்செய்திகள் வந்து சேரும், கோப்புகள் போகா. கோப்பு அனுப்ப வேண்டுமென்றால் மாரியம்மன் கோவில் படிக்கட்டு வரை நடக்க வேண்டும். அங்கேதான் அலைவரிசை நன்றாகக் கிடைக்கும். தேவி குடையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். படிக்கட்டில் ஏறி நின்றபோது மணி 8.55.

இணைய வகுப்பறையைத் திறந்தாள். ‘Add attachment’ என்பதைத் தொட்டாள். அண்மையில் உருவான கோப்புகளின் பட்டியல் திரையில் வந்தது. திரை சிறியது, கோப்புப் பெயரோ நீளமானது. ஆகவே, பட்டியலில் இரண்டு பெயர்களும் பாதியிலேயே வெட்டப்பட்டு, ஒரே மாதிரியாகத் தெரிந்தன.

`Scan_20210712_20...`
`Scan_20210712_20...`

பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிறு படங்களும் உதவவில்லை. இரண்டிலும் கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிய எழுத்துகள். மழைத்துளி வேறு திரையில் விழுந்துகொண்டிருந்தது. ‘முதலில் எடுத்தது கட்டுரைதானே, அதுதான் மேலே இருக்கும்’ என்று நினைத்து, மேலே இருந்த கோப்பைத் தொட்டாள். ஆனால், அந்தப் பட்டியல் புதிய கோப்பை மேலேயும் பழையதைக் கீழேயும் அடுக்கும் என்பது அந்த நேரத்தில் அவளுடைய நினைவுக்கு வரவில்லை.

‘Turn in’ என்பதை அழுத்தினாள். மணி 8.58. ‘Turned in’ என்று திரை காட்டியது. தேவி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். பிறகு, புலனத்தைத் திறந்து, மிச்சமிருந்த கோப்பை மணியம் மாமாவுக்கு அனுப்பினாள்.

“ரெண்டும் அனுப்பிட்டேம்மா,” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

மறுநாள் காலை மணி 9.40. அம்மா விடியுமுன்பே வெட்டுக்குப் போயிருந்தார். தேவி தம்பிக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. இணைய வகுப்பறையில் ஆசிரியை அவளுக்கு மட்டும் தெரியும்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

“அன்புள்ள தேவி, உன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. தலைப்பு ‘விடியற்காலையில் என் தோட்டம்’. ஆனால், முதல் பக்கத்தில் ‘திங்கள் 31, செவ்வாய் மழை, புதன் 34’ என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ‘க.பா. 4’ என்று இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. முதலில் புதுக்கவிதையாக இருக்குமோ என்று நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘24 இல்லை, 34. கேக்கணும்’ என்ற வரியைப் படித்ததும், இது எனக்கு எழுதியதன்று எனப் புரிந்துகொண்டேன்.

இது யாருக்கோ போய்ச் சேர வேண்டிய முக்கியமான கணக்கு போல் தெரிகிறது. அவர் காத்துக்கொண்டிருக்கக்கூடும். முதலில் அவருக்கு அனுப்பு. கட்டுரையை அதன் பிறகு அனுப்பினால் போதும். ‘Unsubmit’ என்பதை அழுத்தி, இந்த இணைப்பை நீக்கிவிட்டுச் சரியான கோப்பைச் சேர். தாமதம் என்று திரை காட்டும். அதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ நேற்றே அனுப்ப முயன்றாய் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பக்கங்களை நான் வேறு யாருக்கும் காட்டவில்லை.”

தேவியின் முகம் சிவந்தது. அம்மாவின் கணக்கை ஆசிரியை படித்துவிட்டாரே என்ற வெட்கம் முதலில் வந்தது. அடுத்த நொடியே வேறொன்று நெஞ்சில் தைத்தது. கணக்கு ஆசிரியைக்குப் போயிருந்தால், மணியம் மாமாவுக்குப் போனது என்ன?

புலனத்தைத் திறந்தாள். கோப்பைத் தொட்டாள். ‘விடியற்காலையில் என் தோட்டம்’ என்று அவளுடைய கையெழுத்தே அவளைப் பார்த்துச் சிரித்தது.

செய்திக்குப் பக்கத்தில் இரண்டு சாம்பல் நிறக் குறிகள் இருந்தன. கோப்பு அவருடைய கைப்பேசிக்குப் போய்விட்டது. அவர் இன்னும் பார்க்கவில்லை. அழித்துவிடலாம் என்று நினைத்துச் செய்தியை அழுத்திப் பிடித்தாள். தன் கைப்பேசியிலிருந்து மட்டும் அழிக்கும் வழிதான் இருந்தது. இருவரிடமிருந்தும் அழிக்க வேண்டுமென்றால், அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் செய்திருக்க வேண்டும். இரவே போய்விட்டது அந்த ஒரு மணி நேரம்.

மணி 9.50. தம்பியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தேவி கோவில் படிக்கட்டுக்கு ஓடினாள். இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தாள். செயலி வைத்த பெயர்களை மாற்றினாள்.

`Amma_Kanakku.pdf`
`Devi_Katturai.pdf`

வேறுபாடு பெயரின் முதல் எழுத்திலேயே தெரிந்தது. இனி, பெயர் பாதியில் வெட்டப்பட்டாலும் குழப்பமில்லை. கணக்கைப் புலனத்தில் அனுப்பிவிட்டு, மணியம் மாமாவை அழைத்தாள்.

“மாமா, நேத்து ராத்திரி அம்மாவோட கணக்கை அனுப்புறதுக்குப் பதிலா என் பள்ளிக்கூடக் கட்டுரையை அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க மாமா. இப்பதான் சரியானதை அனுப்பினேன்.”

“அப்படியா? நான் இன்னும் கைப்பேசியைத் தொடலம்மா. இப்பதான் மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். இரு, பார்க்கிறேன்.” சற்று நேரம் அமைதி. “ஆ, வந்திருக்கு. புதன்கிழமை 34. சரியாத் தெரியுது. நல்லவேளை சொன்னே. இல்லேன்னா ஆபீசுல போய் நின்னு, கிராணி முன்னால உன் கட்டுரையைத்தான் வாசிச்சிருப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு தேவி இணைய வகுப்பறைக்குத் திரும்பினாள். ‘Unsubmit’ என்பதை அழுத்தினாள். அம்மாவின் கணக்குக்கு அருகில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டு அந்த இணைப்பை நீக்கினாள். கட்டுரையைச் சேர்த்தாள். இணைத்த கோப்பை அங்கேயே ஒருமுறை திறந்து, மூன்று பக்கங்களும் தன்னுடையவைதாமா என்று பார்த்தாள். முன்தினம் திரை காட்டிய ‘Turned in’ என்ற சொல், ஏதோ ஒரு கோப்பு போய்ச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொன்னது. போனது எந்தக் கோப்பு என்பதை அவள்தான் பார்த்திருக்க வேண்டும்.

அனுப்பிய பின், ஆசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதினாள். “மன்னிக்கவும், டீச்சர். அது என் அம்மாவின் பால் கணக்கு. அது போக வேண்டியவருக்கு இப்போது அனுப்பிவிட்டேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ‘க.பா.’ என்றால் கட்டிப்பால். மங்கில் தங்கி, தானாக உறைந்துபோகும் பால்.”

பிற்பகல் இரண்டு மணிக்கு அம்மா வீட்டுக்கு வந்தார். முகத்தில் களைப்பு இருந்தாலும், கண்களில் ஒரு தெளிவு இருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்று தேவி வாசலிலேயே கேட்டாள்.

“கிராணி பால் கொட்டகைச் சீட்டை எடுத்துப் பார்த்தாரு. அதுல அவரே பென்சிலால 34ன்னு எழுதியிருக்காரு. பெரிய புத்தகத்துல எடுத்து எழுதும்போது 24 ஆயிடுச்சு. மழையில சீட்டு நனைஞ்சு, மூணு பாதி அழிஞ்சிருந்துச்சு. மணியம் மாமா என் கணக்கைப் பக்கத்துல வச்சுக் காட்டினதும், பாவம், அவர் முகம் சின்னதாப் போச்சு.”

“நீங்க என்னம்மா சொன்னீங்க?”

“என்ன சொல்றது? ‘பரவாயில்லைங்க, இப்பத் திருத்திடுங்க. இனிமே எழுதினதும் எங்க கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க’ன்னு சொன்னேன். திருத்திக் கையெழுத்தும் போட்டுட்டாரு. மூணு கிலோவுக்கான கூலி இந்த மாசச் சம்பளத்தோட வரும்.”

தேவி தலைகுனிந்தாள். பிறகு, நடந்ததை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னாள். கோப்பு மாறிப்போனது, ஆசிரியை குழம்பிப் போனது, கோவில் படிக்கட்டுக்கு ஓடியது எல்லாவற்றையும். அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ஆனால், அம்மா கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி.

“ஐயோ, அந்தக் கோழிக் கிறுக்கலையா டீச்சர் படிச்சாங்க? நான் ஆறாம் வகுப்போட நின்னவ. எழுத்துப்பிழை நிறைய இருக்குமே!”

“ரெண்டு தடவை படிச்சாங்களாம்மா.”

அப்போது கைப்பேசி மீண்டும் ஒலித்தது. ஆசிரியை கட்டுரையைத் திருத்திவிட்டு எழுதியிருந்தார். தேவி அதை அம்மாவுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

“தேவி, கட்டுரை கிடைத்தது. பனிமூட்டத்தையும் பறவைகளின் ஒலியையும் அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால், உன் அம்மாவைப் பற்றி ‘அம்மா பால் வெட்டச் செல்வார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். தவறி வந்த அந்த மூன்று பக்கங்களில் ஒரு வாரத்து மழையும் வெயிலும் உழைப்பும் இருந்தன. ஒருவர் நாள்தோறும் நின்று, எடையைப் பார்த்து, தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். உன் தோட்டத்தின் விடியற்காலையை நான் அங்கேதான் கண்டேன். அம்மா இசைந்தால், அவரிடம் கேட்டு இரண்டாம் பத்தியை மீண்டும் எழுது. இசையாவிட்டால் இப்படியே இருக்கட்டும். அது அவருடைய கணக்கு. கட்டிப்பால் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இன்று நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.”

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. நீலப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் ஓரங்கள் மழையில் நனைந்து சுருண்டிருந்தன.

“என்ன எழுதணும்னு கேக்கறாங்க?”

“காலையில என்ன நடக்குதுன்னு, அம்மா.”

“நாலரைக்கு எழுந்திருப்பேன். அதை எழுது. உளியைத் தீட்டுவேன். இருட்டுல நெத்தி விளக்கைக் கட்டிக்கிட்டு முதல் மரத்துக்குப் போவேன். முதல்ல வெட்ட மாட்டேன். மங்குல கிடக்கிற கட்டிப்பாலை எடுத்துப் பையில போடுவேன். பழைய வெட்டுல ஒட்டியிருக்கிற பாலை உரிப்பேன். அப்புறம்தான் உளி வைப்பேன். ஆழமா வெட்டினா மரம் காயப்படும். மேலாக வெட்டினா பால் வராது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல, கையிலேயே தெரியும் அது…”

தேவி வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். இதுவரை அம்மாவிடம் இதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. தேவி கோவில் படிக்கட்டில் உட்கார்ந்து, புதிய கோப்பை இணைத்தாள்.

`Devi_Katturai_2.pdf`

அதைத் திறந்து பார்த்தாள். முதல் பக்கம் அவளுடைய கையெழுத்து. இரண்டாம் பக்கம் அவளுடைய கையெழுத்து. மூன்றாம் பக்கத்தின் அடியில், அம்மா கேட்டு வாங்கித் தானே எழுதிய ஒரு வரி இருந்தது. ‘இது எல்லாம் உண்மை.’ அதன் கீழே அம்மாவின் கையொப்பம்.

தேவி ‘Turn in’ என்பதை அழுத்தினாள்.

அருஞ்சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர்கள் வாழும் தொடர் வீடுகள்
கிராணி – தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்
வெட்டு – பால் வடிவதற்காக ரப்பர் மரப்பட்டையைச் சீவும் வேலை
மங்கு – மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணம்
கட்டிப்பால் – மங்கில் தங்கி உறைந்த ரப்பர்ப் பால்
உளி – மரப்பட்டையைச் சீவப் பயன்படும் கருவி
புலனம் – செய்தி, கோப்பு முதலியவற்றைப் பகிரும் கைப்பேசிச் செயலி

கருத்துணர் வினாக்கள்

1. தேவி தவறான கோப்பைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள் இரண்டினை எழுதுக.
2. தன்னிடம் வந்தது கட்டுரையன்று என்பதை ஆசிரியை எவ்வாறு உணர்ந்தார்?
3. ‘முதலில் அவருக்கு அனுப்பு’ என்று ஆசிரியை கூறியதிலிருந்து அவருடைய பண்புநலனை விளக்குக.
4. ஒரு நாள் பாலின் எடை 40 கிலோ. அதில் காய்ந்த ரப்பர் 30 விழுக்காடு. கணக்குப் புத்தகத்தில் 30 கிலோ பால் என்று தவறாக எழுதப்பட்டால், எத்தனை கிலோ ரப்பருக்கான கூலி குறையும்? கணக்கிடுக.
5. கிராணியின் தவற்றையும் தேவியின் தவற்றையும் ஒப்பிடுக. அத்தவறுகளை அம்மாவும் ஆசிரியையும் அணுகிய விதத்தில் நீ காணும் ஒற்றுமை யாது?
6. ‘அது அவருடைய கணக்கு’ என்று ஆசிரியை எழுதியதன் நோக்கம் என்னவாக இருக்கலாம்? குழுவில் கலந்துரையாடிக் கூறுக.